இரண்டு தென்னை மரங்கள்: ஒரு சிறுகதை மூன்று முறை எழுதப்பட்ட விதம்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். உயில்களை டைப் அடித்திருக்கிறேன், நகல் எடுத்திருக்கிறேன், கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு வரி வரியாகப் படித்தும் காட்டியிருக்கிறேன். அப்படி இருந்தும், உயில் படிக்கும் காட்சியை வைத்து நான் எழுதிய சிறுகதையின் முதல் வடிவம் முழுக்கப் பொய்யாக வந்தது. அது எங்கே பொய்யானது, எப்படித் தெரிந்தது, எதைக் கொண்டு சரிசெய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். கதை ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதியது இல்லை. அந்த அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பல பேர் அதில் கலந்திருக்கிறார்கள்.

கதை இதுதான். கும்பகோணத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் 2009-இல், அறுபத்தெட்டு வயதில் இறந்துபோகிறார். மனைவி, மண்டியைப் பார்த்துக்கொள்ளும் மகன், கல்யாணமாகித் திருச்சியில் இருக்கும் மகள். இருபது வருடமாக அவர் செவ்வாயும் வெள்ளியும் மாயவரத்துக்கு வசூலுக்குப் போவார், இரவு தங்கிவிட்டு மறுநாள் வருவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வக்கீலிடமிருந்து தகவல் வருகிறது: உயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் வாருங்கள். போனால், அங்கே மாயவரத்திலிருந்து ஒரு பெண்ணும் பாலிடெக்னிக் படிக்கும் பத்தொன்பது வயதுப் பையனும் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் வடிவத்தை மகனின் பார்வையில் எழுதினேன். வக்கீல் சிவப்பு அரக்கு முத்திரையை உடைக்கிறார். படிக்கப் படிக்க ஆளாளுக்கு எழுந்து கத்துகிறார்கள். சொத்து முழுவதும் மாயவரத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் தாய் மயங்கி விழுகிறாள். கடைசியில் அந்தப் பையன் "பெரியம்மா" என்று ஓடிவந்து தண்ணீர் தெளிக்க, அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஒன்பது பக்கம். எழுதி முடித்த அன்று எனக்கே கண் கலங்கியது.

என் பழைய சீனியரிடம் படிக்கக் கொடுத்தேன். அவருக்குக் கதைகளில் பெரிய பழக்கம் கிடையாது. படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் எதுக்குப்பா உயில் எழுதினார்?"

மாயவரத்துக்காரிக்குக் கொடுக்கத்தான் என்றேன். "அப்படின்னா மொத்தத்தையும் ஏன் கொடுக்கணும்? ஒரு மண்டிக்காரர் அறுபது வயசுல உக்காந்து கணக்குப் போட்டிருப்பார் இல்லையா? அந்தக் கணக்கை நீ போட்டியா?" என்றார். நான் போடவில்லை. அந்த வேலையை எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த நான், என் கதையின் ஆளுக்கு மட்டும் செய்யாமல் விட்டிருந்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொத்து முழுவதும் மண்டியில் சம்பாதித்துத் தன் பெயரில் வாங்கியது, பத்திர மொழியில் சுயார்ஜிதம். உயில் எழுதாமல் இறந்திருந்தால் என்ன ஆகும்? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவிக்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டார் என்று கதையில் வைத்திருந்ததால் அந்தப் பங்கு கிடையாது. அப்புறம் மாயவரத்துப் பையன். அவன் தாயின் கல்யாணம், முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது நடந்ததால், 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி செல்லாது. ஆனால் பிள்ளையின் நிலை வேறு. அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, 1976-இல் திருத்தப்பட்ட பிறகு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளை என்கிறது. தாய் தகப்பனுடைய சொத்தில் அவனுக்கு உரிமை உண்டு, மற்ற உறவினர் சொத்தில் கிடையாது. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பங்கிலும் இந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டா என்று வெகுகாலம் வழக்கு இருந்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு உண்டு என்று தீர்த்தது. நம் கதை 2009-இல் நடப்பது, சொத்தும் அவரே வாங்கியது, அதனால் அந்தச் சிக்கலுக்கு இங்கே இடமில்லை. ஆக, நாலு பேர், நாலு சம பங்கு. பையனுக்குக் கால் பங்கு, உயில் இல்லாமலேயே.

அந்தப் பெண்ணுக்கு? ஒன்றும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவள் மனைவி இல்லை, விதவையும் இல்லை. இருபது வருடம் குடியிருந்த வீட்டில் அவளுக்கு ஒரு செங்கல்கூட வராது. அவள் மகனுக்கும் அந்த வீட்டில் கால் பங்குதான், மீதி முக்கால் பங்கு கும்பகோணத்துக்காரர்களுக்கு.

இந்த இடத்தில்தான் கதை எனக்குப் பிடிபட்டது. ஐந்து பேரில் நாலு பேருக்கு உயில் தேவையே இல்லை. அந்த மனிதர் 2001-இல் போய் உயில் எழுதினார் என்றால், அந்த ஒரே பெண் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதியிருக்கிறார். அப்போது பையனுக்குப் பதினொரு வயது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அந்த வயதுப் பையனைப் பார்த்துத்தான் வந்திருக்கும்.

கணக்கு சரியானதும் சொத்துப் பிரிவும் தானாக மாறியது. கும்பகோணத்து வீடு மனைவிக்கு. மண்டி மகனுக்கு. ஒரு மனையும் வங்கி டெபாசிட்டும் மகளுக்கு. மாயவரத்து வீடு மட்டும் அந்தப் பெண்ணுக்கு, அதுவும் ஆயுள் பரியந்தம் அனுபவிக்க மட்டும், அவளுக்குப் பிறகு பையனுக்கு. அவளால் அதை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. அவள் பேரில் அவருக்கு அக்கறை இருந்தது. ஆனால் முழு உரிமையோடு கொடுக்கிற அளவுக்கு அவர் துணியவில்லை, அல்லது நம்பவில்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை இந்த ஒரு ஷரத்து சொல்லிவிடுகிறது. முதல் வடிவத்தில் அவர் குணத்தைச் சொல்ல நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

அடுத்து, உயிலைப் படிப்பது என்ற சடங்கு. நம் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. யாரையும் கூட்டி உட்காரவைத்துப் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் பார்த்தவரை உயில் வெளியே வருகிற விதமே வேறு. பீரோவில் புடவைக்கு அடியில் ஒரு பழுப்பு உறையில் கிடைக்கும். அல்லது யாரோ ஒரு மாமா, "எங்கிட்ட ஒண்ணு கொடுத்து வெச்சிருந்தார்" என்று காரியம் முடிந்த மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார். பதிவு செய்த உயிலாக இருந்தால், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிரவோ அவருடைய முகவரைத் தவிரவோ யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் பதிவாகும் 3-ஆம் புத்தகத்துக்கு அப்படி ஒரு காவல் உண்டு. அவர் இறந்த பிறகு யார் மனு போட்டாலும் நகல் கிடைக்கும். மூடி முத்திரையிட்ட உறையை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் ஒரு மண்டிக்காரர் அதைத் தேடிப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அரக்கு முத்திரை நான் ஏதோ சினிமாவில் பார்த்தது.

அப்படியானால் இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் ஒரே அறைக்குள் வர என்ன காரணம்? காரணம் இல்லாவிட்டால் காட்சியே இல்லை. இதில் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். கடைசியில் என் அலுவலகத்தில் வழக்கமாகப் பார்த்த ஒரு பொருளே வழி காட்டியது. உயிலோடு சேர்த்து, கட்சிக்காரர் வக்கீலுக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது மாதிரி விஷயங்கள் இருக்கும். அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை, ஆனால் வக்கீல்கள் பெரும்பாலும் மதித்து நடப்பார்கள். என் மண்டிக்காரர் மண்டியின் பில் தாளில், பின்பக்கம், பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இரண்டு வீட்டாரையும் சேர்த்து உட்காரவைத்துப் படிக்கவும்." உயிரோடு இருந்தபோது முப்பத்தைந்து கிலோமீட்டர் இடைவெளியை இருபது வருடம் அப்படியே காப்பாற்றியவர், தான் இல்லாத நாளில் அதை இல்லாமல் செய்யச் சொல்கிறார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். மகளும் அப்படியே நினைக்கிறாள். ஆனால் அவள் அதைச் சொல்லும் வரியைக் கதையில் வைக்கவில்லை. பென்சில் எழுத்தைப் பார்த்து, "அப்பா பென்சிலால எழுதினா அழிக்கப் போறார்னு அர்த்தம்" என்று மட்டும் நினைத்துக்கொள்கிறாள்.

இந்த இரண்டு திருத்தங்களோடு இரண்டாவது வடிவம் வந்தது. இந்த முறை குமாஸ்தாவின் பார்வையில் எழுதினேன். எனக்குத் தெரிந்த அறை, தெரிந்த பெஞ்சு, தெரிந்த மேஜை விசிறி. எல்லாத் தகவலும் சரியாக இருந்தது. ஆனால் கதை ஒரு வழக்குக் கட்டுப் போல இறுகிவிட்டது. மகன் உயிலை எதிர்க்கிற பகுதி மட்டும் நாலு பக்கம் போனது. அவன் கேட்கிற கேள்விகள் நிஜமானவைதான். "முத்திரைத்தாளில் இல்லையே" என்கிறான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். "வில்லங்கம் போட்டுப் பார்த்தேனே, உயில் எதுவும் வரவில்லையே" என்கிறான். வில்லங்கச் சான்றில் உயில் வராது, போதாக்குறைக்கு மாயவரத்து வீடு வேறொரு சார்பதிவகத்தின் எல்லையில் இருக்கிறது. அந்த வீடு இருப்பதே தெரியாதவன் அங்கே போய் எப்படித் தேடுவான்? "கையெழுத்து அப்பாவுடையதுதானா" என்கிறான். அதற்குத்தான் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருக்கிற ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரித்தாக வேண்டும். ஒரு சாட்சி இறந்துவிட்டார், இன்னொருவருக்கு எழுபத்தொன்பது வயது, நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. மகன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

ஒரு வழக்கைப் பற்றிய கதை என்றால் இதெல்லாம் பொன்னானது. ஆனால் என் கதை, ஒரு குடும்பம் தன் தகப்பனின் இன்னொரு வீட்டை முதல் முறையாகப் பார்க்கிற ஒரு மணி நேரத்தைப் பற்றியது. நாலு பக்கம் அந்தப் பெண்ணையும் பையனையும் யாருமே பார்க்கவில்லை. பேச்சு முழுக்க மகனுக்கும் வக்கீலுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது. அந்த வடிவத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முடிந்ததும், "அந்த அம்மா என்ன புடவை கட்டியிருந்தாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. குமாஸ்தா பார்க்கவில்லை என்றால் நானும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

புடவை சின்ன விஷயம் இல்லை. கணவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கும்பகோணத்து அம்மாவுக்குச் சடங்குகள் நடந்திருக்கின்றன, எடுக்க வேண்டியதை எடுத்திருக்கிறார்கள், உறவு முழுக்கப் பார்த்திருக்கிறது. மாயவரத்துப் பெண்ணுக்கு எதுவும் நடக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவர் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை, அவ்வளவுதான். நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, வக்கீல் அலுவலகத்துக்குக் கிளம்பும் காலையில். மூன்றாவது வடிவத்தில் அவள் பொட்டோடு வரவில்லை. ஆனால் நெற்றியில் இத்தனை வருடம் பொட்டு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. மகள் அதைப் பார்க்கிறாள், தன் அம்மாவின் நெற்றியைத் திரும்பிப் பார்க்கிறாள். அங்கேயும் அதே வெளுப்பு. இதைப் பார்க்க மகனாலோ குமாஸ்தாவாலோ முடியாது. கதை மகளின் பார்வைக்குப் போனது இதனால்தான்.

மூன்றாவது வடிவத்தில் உயிலைப் படிக்கும் பகுதியை முழுக்க மாற்றினேன். லீகல் சைஸ் தாளில் டைப் அடித்த நாலு பக்கத்தை நிதானமாகப் படித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் யாரும் பேச மாட்டார்கள். கத்துவது, அழுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். படிக்கும்போது தன் பெயர் எப்போது வரும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் படிக்கும் பகுதியில் வசனமே வைக்கவில்லை. உயிலின் மொழியை மட்டும் விட்டேன்.

அந்த மொழியில் இரண்டு இடங்கள்தான் கதைக்கு வேண்டியிருந்தன. முதலாவது, யாரை என்ன சொல்லி எழுதுவது என்பது. கும்பகோணத்து அம்மாவைப் பற்றி "எனது தர்மபத்தினி" என்று வரும், எல்லா உயில்களிலும் வருவதுபோல. மாயவரத்துப் பெண்ணை "எனது இரண்டாவது மனைவி" என்று முதலில் எழுதியிருந்தேன். விவரம் தெரிந்த வக்கீல் அதை எழுத விடமாட்டார். முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்தேன் என்று தானே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வதாக ஆகும், அது குற்றம். உயில் செல்லுபடியாக அந்தச் சொல் தேவையும் இல்லை. ஆள் இன்னார் என்று பெயராலும் விலாசத்தாலும் தெரிந்தால் போதும். ஆகவே, என் அலுவலகத்தில் நானே இப்படிப்பட்ட நேரங்களில் டைப் அடித்த வாசகத்தைப் போட்டேன்: "எனது மகன் இன்னாரின் தாயார்."

குமாஸ்தா இந்த வரியைப் படிக்கும்போது ஒரு விநாடி நிறுத்துகிறார். அந்தப் பெண் மடியில் இருந்த பையின் பிடியை இறுக்கிக்கொள்கிறாள். அவள் காத்துக்கொண்டிருந்த சொல் வரவில்லை. வீடு வந்தது, சொல் வரவில்லை. மகளுக்கு இது புரிகிறது. தன் அம்மாவுக்குக் கிடைத்த சொல்லைக் கேட்டு நிம்மதிப்பட்ட அதே விநாடியில் அவளுக்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

இரண்டாவது இடம் சொத்து விவரம். உயிலில் மக்கள் கவனிக்காமல் விடுகிற பகுதி அதுதான். எனக்கோ, இத்தனை வருடம் டைப் அடித்ததில், மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஒரு வீட்டைப் பார்க்காதவர்கூட அதைக் கேட்டு வீட்டைக் கட்டிவிடலாம். கதையில் அது இப்படி வருகிறது:

"நாகப்பட்டினம் மாவட்டம், மயிலாடுதுறை வட்டம், மேற்படி ஊர் கிழக்குத் தெருவில், தெருவுக்கும் மேற்கு, பொது வாய்க்காலுக்கும் கிழக்கு, பள்ளிக்கூட மனைக்கும் வடக்கு, கீற்றுக் கொட்டகை மனைக்கும் தெற்கு, இதன் மத்தியில் கிழமேலடி அறுபது, தென்வடலடி இருபது, ஆக ஆயிரத்து இருநூறு சதுர அடி மனையும், அதில் கட்டியுள்ள ஓட்டு வீடும், கதவு நிலவு சகிதம், மின் இணைப்பு, கொல்லைக் கிணறு, இரண்டு தென்னை மரங்கள் உள்பட."

மயிலாடுதுறை என்று தாளில் இருப்பதைக் குமாஸ்தா அப்படியே படிக்கிறார். அறையில் இருக்கிற எல்லோரும் மனதுக்குள் மாயவரம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். மகள் அந்த வீட்டுக்குள் நடக்கிறாள். தெருவிலிருந்து உள்ளே போனால் கொல்லையில் வாய்க்கால். பக்கத்தில் பள்ளிக்கூடம், அந்தப் பையன் அங்கேதான் படித்திருப்பான். அப்பா திண்ணையில் உட்கார்ந்தால் மணியடிக்கிற சத்தம் கேட்டிருக்கும். வீட்டில் மண்டிக் கணக்கைத் தவிர எதுவும் பேசாத மனிதர் அந்தச் சத்தத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவளுக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தத் தென்னை மரங்கள். இதை நான் திட்டமிட்டு வைக்கவில்லை. பத்திரங்களில் மரங்களைச் சொல்வது வழக்கம் என்பதால் சேர்த்தேன், எழுதி இரண்டு நாள் கழித்துத்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. கதையின் ஆரம்பத்துக்குப் போய் ஒரு பத்தி சேர்த்தேன். மாயவரம் வசூலுக்குப் போய்விட்டு வரும்போது அப்பா சில நாள் கோணிப்பையில் பத்துப் பன்னிரண்டு தேங்காய் கொண்டுவருவார். "பார்ட்டி கொடுத்தாங்க" என்பார். அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வைப்பாள். நல்ல காய், பருப்புத் தடிமன் என்பாள். அந்த வீட்டில் பல வருடம் சட்னி அந்தக் காயில்தான். கடைசி இரண்டு வருடம் காய் வருவது குறைந்துபோனது. அம்மா ஒருமுறை ஏன் என்று கேட்டாள், அப்பா பதில் சொல்லவில்லை.

இப்போது "இரண்டு தென்னை மரங்கள் உள்பட" என்று குமாஸ்தா படித்ததும், அதுவரை சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பி முதல் முறையாக அந்தப் பெண்ணைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். மகள் அதைப் பார்க்கிறாள். அம்மாவுக்கு முன்பே தெரியுமா, அந்த நொடியில்தான் தெரிந்ததா என்று மகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருபது வருடம் வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டில் இல்லாத மனிதரின் மனைவிக்கு எதுவுமே தெரியாமல் இருந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. தெரிந்ததைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு பெண் இருபது வருடம் சமைக்க முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வடிவத்தில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. உயிலில் பெயர் வருகிற இடங்களில் "இன்னார்" என்றே விட்டேன். பெயர் இல்லாதபோது ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்ற சங்கடம் நேரடியாகத் தெரிகிறது. நம் மொழியில் உறவுச் சொல் இல்லாமல் ஒரு பெரியவரிடம் பேச்சைத் தொடங்குவதே கஷ்டம். அறைக்குள் இருந்த ஒரு மணி நேரமும் இந்த வீட்டார் அந்த வீட்டாரை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. "அவங்களுக்கு", "இவங்க கையெழுத்து" என்று எல்லாம் வக்கீல் வழியாகத்தான் போகிறது. பையன் முதல் வடிவத்தில் சொன்ன "பெரியம்மா"வை எடுத்துவிட்டேன். முறைப்படி அது சரியான சொல்தான், தகப்பனின் மூத்த மனைவி பெரியம்மாதான். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் அதை அந்த அறையில் சொல்லத் துணிவான் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கதை முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. நகல் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும்போது, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதுகிறான். "ழ"வின் காலை அப்பாவைப் போலவே நீட்டி இழுக்கிறான். மகன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுகிறான். இரண்டாம் வடிவத்தின் நாலு பக்க வாதத்தில் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு அசைவுதான். அவன் வழக்குப் போடுவானா என்பதைக் கதை சொல்வதில்லை. போட்டால் எழுபத்தொன்பது வயதுச் சாட்சியை வைத்து இழுத்தடிக்கலாம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

முடிவுதான் அதிக நாள் எடுத்தது. எல்லோரும் வெளித் தாழ்வாரத்துக்கு வருகிறார்கள். மகன் காரை எடுக்கப் போயிருக்கிறான். மாயவரத்துக்குப் பதினொன்றே முக்கால் பஸ். இரண்டு பெண்களும் செருப்புப் போடக் குனிகிறார்கள், நிமிரும்போது எதிரெதிரே நிற்கிறார்கள். முன்பு எழுதிய கட்டிப்பிடிப்பு இனி முடியாது, சாபம் விடுவதும் முடியாது. அந்த அம்மாவிடம் பேச என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. அந்த நாள் முழுவதிலும் அவள் பேசுகிற ஒரே வரி அது:

"ரெண்டு மரமும் இன்னும் காய்க்குதா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒண்ணுதான்க்கா. கிணத்தடி மரம் இடி விழுந்து பட்டுப்போச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு" என்கிறாள்.

உயில் 2001-இல் எழுதியது. அதில் இன்னும் இரண்டு மரம்.

இதற்குப் பிறகு ஆறு வரி எழுதியிருந்தேன். மகள் காரில் உட்கார்ந்து அந்த "அக்கா" என்ற சொல்லை நினைத்துப் பார்ப்பதாக, அம்மா சேலைத் தலைப்பால் முகம் துடைப்பதாக. சீனியரிடம் மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை அவர் கண்ணாடியைக் கழற்றாமல் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, சொத்து விவரத்தில் ஒரு திருத்தம் செய்தார். "கொல்லைக் கிணறு" என்று இருந்ததற்குப் பக்கத்தில் "பம்பு செட் உள்பட" என்று சேர்த்தார். கரண்ட் இருக்கிற வீட்டில் அதை விட்டால் பின்னாடி தகராறு வரும் என்றார். அந்த ஆறு வரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நானே அவற்றை அடித்துவிட்டேன், பம்பு செட்டை வைத்துக்கொண்டேன்.